20 மாதம் பிழையில்லாமல் ஓடிய பம்ப் கொன்ட்ரோலர், இப்போது விடியற்காலையில் மட்டும் ரீசெட் ஆகிறது

மிளகாய்க்கன்று (விசுவமடு)

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை ஏக்கர் மிளகாய்த் தோட்டத்துக்குச் சொட்டு நீர் விட ஈஎஸ்பி32 போர்டில் நானே ஒரு கொன்ட்ரோலர் செய்து வைத்திருக்கிறேன். இரண்டு றிலே. ஒன்று கிணற்று மோட்டருக்கான கொன்டாக்டரை இழுக்கும், மற்றது வால்வைத் திறக்கும். கரண்ட் கொடுப்பது 5 வோல்ற் 2 அம்பியர் அடாப்டர் ஒன்று, கிளிநொச்சி டவுனில் வாங்கியது. பெட்டியில் பெயர் எதுவும் இல்லை, விலையும் குறைவு.

போன வருடத்துக்கு முதல் வருடம் சித்திரையில் பூட்டினேன். 20 மாதம் ஒரு பிழையும் வரவில்லை. இந்த மார்கழியில் தொடங்கியது. காலை 5.30க்குத் தண்ணீர் விடும் நேரம் வந்ததும் றிலே டக் டக் டக் என்று நாலைந்து தடவை அடிக்கும், கொன்டாக்டர் நடுங்கும், பிறகு எல்லாம் நின்றுவிடும். நான் 9 மணிக்குப் போய்க் கையால் போட்டால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். மத்தியானமும் ஓடும். அடுத்த நாள் காலை திரும்பவும் அதே கதை.

இதுவரை செய்தது: ஈஎஸ்பி போர்டை மாற்றினேன், றிலே போர்டை மாற்றினேன், பழைய கோட்டைத் திரும்பவும் ஏற்றினேன். மல்ரிமீற்றரில் அடாப்டர் 5.08 வோல்ற் காட்டுகிறது, ஆகவே அதில் பிழை இல்லை. 20 மாதம் ஓடிய கோட்டில் திடீரென்று எப்படிப் பிழை வரும்? நேரம் பார்க்கும் பகுதியில் ஏதாவது நிரம்பி வழிகிறதா? கன்றுகள் பூக்கும் பருவம், இரண்டு நாள் தண்ணீர் தவறினாலே பூ கொட்டுகிறது. தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

நிரல்பித்தன் (வவுனியா)

அண்ணா, இது எனக்கும் வந்தது. ஈஎஸ்பி32 தேவைக்கு மேல் பயப்படும். வோல்ற்றேஜ் கொஞ்சம் இறங்கினாலே தன்னை ரீசெட் செய்துகொள்ளும். முதல் இரண்டு வரியைக் கோட்டின் தலையிலும், மூன்றாவதை setup தொடங்கும் இடத்திலும் போடுங்கள், நின்றுவிடும்:

```cpp
#include "soc/soc.h"
#include "soc/rtc_cntl_reg.h"
WRITE_PERI_REG(RTC_CNTL_BROWN_OUT_REG, 0);
```

நான் போட்டு ஆறு மாதம் ஆகிறது, பிரச்சினை இல்லை.

மூன்றுபேஸ் (கிளிநொச்சி)

கோட்டும் இல்லை ஒன்றும் இல்லை, லைன் வோல்ற்றேஜ்தான். விசுவமடுப் பக்கம் லைன் நீளம், கடைசி வீடுகளுக்கு 230 எங்கே வருகிறது? பின்னேரம் 190க்குக் கீழே நானே அளந்திருக்கிறேன். ஒரு ஸ்டெபிலைசர் போடுங்கள். இன்னொன்று, கொன்டாக்டர் கொயில் விடும்போது பெரிய அடி ஒன்று திரும்பி வரும். கொயிலுக்குக் குறுக்கே அந்த அடியை உறிஞ்சும் ஸ்நபர் போட்டீர்களா? போடாவிட்டால் அதுதான் போர்டைக் குழப்பும்.

பழையரேடியோ (மாங்குளம்)

தம்பி மிளகாய்க்கன்று, அடாப்டரில் பிழை இல்லை என்று ஒரு மீற்றர் வாசிப்பை வைத்து முடிவுகட்டிவிட்டீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். 20 மாதம் ஒழுங்காக ஓடியது, குளிர் நேரத்தில் பிழைக்கிறது, சூடு ஏறியதும் சரியாகிறது, றிலே இழுக்கும் கணத்தில்தான் விழுகிறது. இவை நாலும் ஒன்றாக வந்தால் என் மேசையில் பத்துக்கு எட்டுத் தடவை காய்ந்துபோன எலெக்ட்ரோலைட்டிக் கப்பாசிற்றர்தான்.

டிசி ரேஞ்சில் மீற்றர் சராசரியைத்தான் காட்டும். நொடிக்குப் பல்லாயிரம் தடவை மேலும் கீழும் ஆடும் வோல்ற்றேஜையும், ஒரு மில்லி செக்கனுக்கு விழுந்து எழும்பும் பள்ளத்தையும் அது காட்டாது. நீங்கள் அளந்தபோது றிலேயும் இழுபட்டிருக்காது.

ஆனால் என் சொல்லை நம்பி அடாப்டரைத் தூக்கி எறிய வேண்டாம். மூன்றுபேஸ் சொன்ன கொயில் அடியும் உண்மையில் நடக்கிற விஷயம்தான், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, கொன்டாக்டர் கொயிலுக்குப் போகும் வயரை றிலேயிலிருந்து கழற்றி முனையை ரேப் சுற்றி வையுங்கள். மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கட்டும். காலை 5.30க்கு வெறும் றிலேயை மட்டும் பத்துத் தடவை இழுக்க விடுங்கள். அப்போதும் ரீசெட் ஆனால் கொயில் காரணம் இல்லை. ஆகாவிட்டால் மூன்றுபேஸ் சொன்னதுதான் சரி.

கூடவே, ஏன் ரீசெட் ஆனது என்பதை ஈஎஸ்பியே சொல்லும். விடியற்காலையில் மடிக்கணினியோடு கொட்டிலில் குந்தியிருக்கத் தேவையில்லை, வோல்ற்றேஜ் விழுந்து ரீசெட் ஆன எண்ணிக்கையைச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள்:

```cpp
#include <Preferences.h>
#include "esp_system.h"
Preferences p;

void setup() {
  p.begin("log", false);
  if (esp_reset_reason() == ESP_RST_BROWNOUT)
    p.putInt("bo", p.getInt("bo", 0) + 1);
}
```

தம்பி நிரல்பித்தன், நீங்கள் தந்த வரி ரீசெட்டை நிறுத்தும், வோல்ற்றேஜ் விழுவதை நிறுத்தாது. போதாத வோல்ற்றேஜில் அந்த சிப் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அப்படி நடந்தால் எழுதியது கெடும். மோட்டர் இழுத்தபடியே உறைந்தாலும் உறையும். கிணறு வற்றி மோட்டர் எரிந்தால் அந்த ஒரு வரிக்கு என்ன விலை? உங்களுடையதும் ஆறு மாதமாக உள்ளே விழுந்துகொண்டுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நிரல்பித்தன்

என்னுடையது வெறும் வெப்பநிலை காட்டும் பெட்டிதான் ஐயா, மோட்டர் இல்லை. ஆனாலும் விளங்கியது. அந்த வரியை எடுத்துவிட்டு எண்ணிப் பார்க்கிறேன்.

குஞ்சுக்கூடு (ஒட்டுசுட்டான்)

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். எனக்கும் கொன்ட்ரோலர் பிரச்சினைதான், ஆனால் மோட்டர் இல்லை. கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி. மகன் கம்பஸ் போகுமுன் செய்து தந்தது. 37.7 பாகையில் நிற்க வேண்டும். இரண்டு வருடம் நல்லா ஓடியது. இப்போது நாளுக்கு ஒன்றிரண்டு தடவை திரையில் 85.0 என்று வரும், உடனே பல்ப் அணையும், திரும்பப் பழைய நிலைக்கு வரும். சென்சரை இரண்டு தடவை மாற்றிவிட்டேன், கடைக்காரர் நல்ல சென்சர் என்றுதான் தந்தார். போன ஈட்டில் 60 முட்டையில் 31தான் பொரித்தது. எந்தக் கடையில் நல்ல சென்சர் கிடைக்கும்?

பழையரேடியோ

அக்கா, சென்சர் வாங்குவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். உங்கள் சென்சர் மெல்லிய உருக்குக் குழாயில் மூன்று வயரோடு வருவதுதானே? அப்படியென்றால் அது டிஎஸ்18பி20. கரண்ட் வந்ததும் முதல் அளவை எடுக்கும்வரை அது தன்னுள் வைத்திருக்கும் எண் 85. ஆகவே 85.0 என்று சரியாக வந்தால் அது சூடு அல்ல. சென்சருக்குக் கரண்ட் ஒரு கணம் போய் வந்திருக்கிறது, அல்லது அளந்து முடியுமுன் கோட் அவசரமாக வாசித்திருக்கிறது. கோட் இரண்டு வருடமாக அதேதான் என்றால் முதலாவதுதான் எனக்குப் பொருந்தும். அடாப்டருக்கு என்ன வயது?

குஞ்சுக்கூடு

பெட்டியோடு வந்தது, இரண்டு வருடம் ஆகிறது. சூடாகத்தான் இருக்கும், பெட்டிக்கு மேலேயே வைத்திருக்கிறேன். ஆனால் போன மாதம் எலி கடித்து சென்சர் வயரை நீட்டி ஒட்டினோம். அதுவும் ஒரு காரணமாக இருக்குமா?

பழையரேடியோ

இருக்கலாம், அக்கா. ஒட்டிய இடம் தளர்ந்தாலும் அதே 85 வரும். 85 வரத் தொடங்கியது எலி கடித்ததற்கு முன்பா பின்பா என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள். அதற்கிடையில் அடாப்டரைப் பெட்டிக்கு மேலிருந்து இறக்கிச் சுவர்ப் பக்கம் வையுங்கள்.

மிளகாய்க்கன்று

மூன்று காலை சோதித்தேன், எழுதுகிறேன்.

கொன்டாக்டர் வயரைக் கழற்றி வைத்து, வெறும் றிலேயைப் பத்துத் தடவை இழுக்க விட்டேன். முதல் நாள் 7 தடவை ரீசெட். இரண்டாம் நாளும் 7. எண்ணியில் இரண்டு நாளுக்கும் சேர்த்து 14 இருக்கிறது, அதாவது எல்லாமே வோல்ற்றேஜ் விழுந்த ரீசெட். அந்த நேரத்தில் சுவர் பிளக்கில் லைன் 236 வோல்ற். மூன்றுபேஸ் அண்ணை, எங்களுக்குக் காலையில் லைன் நன்றாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. தங்கையின் ஹெயார் ட்ரையரை எடுத்துப்போய் அடாப்டருக்கு மட்டும் ஐந்து நிமிடம் சூடு பிடித்தேன். பிறகு பத்துத் தடவை இழுத்தேன். ஒரு ரீசெட்டும் இல்லை. அரை மணித்தியாலம் ஆறவிட்டு இழுத்தேன், 5 தடவை விழுந்தது. வெளியே 22 பாகை.

எனக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை. அடாப்டர் இராப்பகலாகப் பிளக்கில்தானே இருக்கிறது, அது எப்படிக் குளிரும்?

பழையரேடியோ

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. அந்த ஹெயார் ட்ரையர் சோதனையைத்தான் நான் அடுத்து எழுத இருந்தேன்.

கப்பாசிற்றருக்குள் இருப்பது ஈரக் கடதாசி. அந்த ஈரம்தான் மின்னைக் கடத்துகிறது. வருடக்கணக்காகச் சூட்டில் இருந்தால் ஈரம் அடியிலுள்ள ரப்பர் மூடி வழியாக மெல்ல மெல்ல வெளியேறும். ஈரம் குறையக் குறைய உள்தடை ஏறும். மிஞ்சியிருக்கும் ஈரமும் குளிரில் தடித்து இன்னும் மோசமாகக் கடத்தும். புதுக் கப்பாசிற்றரில் 22 பாகைக்கும் 45 பாகைக்கும் இருக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது, காய்ந்ததில் அது நன்றாகத் தெரியும். அதனால்தான் விடியற்காலை.

இராப்பகலாகப் பிளக்கில் இருந்தாலும் றிலே இழுக்காத நேரம் உங்கள் போர்ட் எடுப்பது 100 மில்லி அம்பியர் அளவுதான். அந்தச் சுமையில் அடாப்டர் பெரிதாகச் சூடாகாது, இரவுக் குளிரோடு குளிராக இருக்கும்.

ஆனால் இதில் இன்னொரு காரணமும் கலந்திருக்கலாம். மலிவான சிறிய அடாப்டர்கள் பல, வெளியே எவ்வளவு வோல்ற் இருக்கிறது என்று நேரே பார்ப்பதில்லை. ட்ரான்ஸ்போமரின் இன்னொரு சுற்றைப் பார்த்து ஊகிக்கின்றன, அதுவும் ஒவ்வொரு துடிப்பிலும்தான். சுமை குறைவாக இருக்கும்போது துடிப்புகளை வெகுவாகக் குறைத்துவிடும். அந்த இடைவெளியில் றிலேயும் வைஃபையும் ஒன்றாக இழுத்தால், அடுத்த துடிப்பு வரும்வரை தாங்கிப் பிடிப்பது வெளிப்பக்கக் கப்பாசிற்றர் ஒன்றே. அது காய்ந்திருந்தால் தாங்காது. உங்கள் கதையில் குளிர் எவ்வளவு, இது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்து, ஒரு 1000 மைக்ரோ ஃபரட் 16 வோல்ற் புதுக் கப்பாசிற்றரைக் கொன்ட்ரோலரின் 5 வோல்ற் முனையில், நேர் எதிர் பார்த்து, கால்களைக் கட்டையாக வெட்டிப் பூட்டிப் பாருங்கள். நேர்மாறாகப் பூட்டினால் வெடிக்கும், கவனம்.

மூன்றுபேஸ்

236 என்றால் உங்கள் இடத்தில் லைன் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பக்கத்து வீட்டு ரவுட்டர் தினமும் பின்னேரம் ஏழு மணிக்குத்தான் விழுந்து எழும்புகிறது, லைன் 185க்கு இறங்கும் நேரம். அடாப்டரில் 100 முதல் 240 வரை என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் 185 போதுமே, ஏன் விழுகிறது?

பழையரேடியோ

அது நல்ல கேள்வி. அங்கே நான் பார்ப்பது உட்பக்கத்துப் பெரிய கப்பாசிற்றரை, அதாவது 400 வோல்ற் என்று எழுதியிருப்பதை. லைன் அலை பூச்சியத்துக்கு வந்து போகும் இடைவெளியை நிரப்புவது அது. அதன் கொள்ளளவு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் 236இல் சமாளிக்கும், 185இல் இடைவெளிக்குத் தாங்காது. ஆகவே பின்னேரம் விழுந்தால் உட்பக்கம், குளிரில் விழுந்தால் வெளிப்பக்கம் என்று நான் தேடத் தொடங்குவேன். தொடங்கும் இடம் மட்டும்தான் அது. ரவுட்டரில் ஏழு மணிக்கு எல்லோரும் வீடியோ பார்ப்பார்கள், அதனால் சூடு கூடியும் விழலாம். வேறு நல்ல அடாப்டர் ஒன்றை ஒரு பின்னேரம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

மிளகாய்க்கன்று

1000 மைக்ரோ பூட்டினேன். நாலு காலை, 40 தடவை, ஒரு ரீசெட்டும் இல்லை. மோட்டரையும் திரும்ப இணைத்துவிட்டேன், இன்று காலை முழுத் தோட்டமும் நனைந்தது. மிக்க நன்றி ஐயா!

இடையில் ஒரு குழப்பமும் நடந்தது. அதற்கு முதல் நாள் இரவு அடாப்டருக்குப் பதில் போனுக்கான பவர் பாங்கில் ஓடவிட்டேன். காலை பார்த்தால் கொன்ட்ரோலர் செத்துக் கிடந்தது. அடாப்டரும் காரணம் இல்லைப்போலும் என்று மனம் விட்டுப்போனது. பிறகுதான் விளங்கியது, சுமை குறைவு என்று பவர் பாங்க் தானாகவே அணைந்திருக்கிறது. யாராவது பவர் பாங்கால் சோதித்தால் இதைக் கவனியுங்கள்.

இப்போது கேள்வி, இப்படியே விடலாமா?

பழையரேடியோ

விடாதீர்கள். நீங்கள் பூட்டியது நோயைக் காட்டிய மருந்து, நோய் உள்ளேயே இருக்கிறது. காய்ந்த கப்பாசிற்றர் உள்தடையால் தானே சூடாகி இன்னும் வேகமாகக் காயும். உள்ளே இன்னொரு சிறிய கப்பாசிற்றர், 10 அல்லது 22 மைக்ரோ, 50 வோல்ற், அந்தக் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இருக்கும். அது போனால் அடாப்டர் தொடங்காமல் டிக் டிக் என்று முயன்றுகொண்டிருக்கும். பழைய வகைச் சில மலிவு அடாப்டர்களில் அது காய்ந்தால் 5 வோல்ற் 8, 10 என்று ஏறி, இணைத்திருப்பதையும் சேர்த்து எரித்துவிடும். அப்படி எரிந்த ஸ்பீக்கர் பெட்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன.

அலைவடிவம் (வவுனியா)

நான் தொழிற்பயிற்சி வகுப்பு எடுப்பவன், ஒசிலோஸ்கோப்பும், கப்பாசிற்றரின் உள்தடை அளக்கும் ஈஎஸ்ஆர் மீற்றரும் கைவசம் உண்டு. மிளகாய்க்கன்று, அந்த அடாப்டரை வவுனியா பஸ்ஸில் கொடுத்துவிட்டால் பார்த்துச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

மிளகாய்க்கன்று

நாளைக் காலை பஸ்ஸில் வரும் சேர். கொன்ட்ரோலரையும் றிலே போர்டையும் சேர்த்தே அனுப்புகிறேன். இரண்டு நாளைக்குக் கையால் மோட்டர் போடுகிறேன்.

அலைவடிவம்

வந்தது, பார்த்தோம். அறை 29 பாகை.

முதலில் 10 ஓம் 5 வாற் தடையைச் சுமையாகப் போட்டோம், அரை அம்பியர். மீற்றர் 4.96 என்றது. அதே நேரம் ஸ்கோப்பில் உச்சிக்கும் அடிக்கும் 1.3 வோல்ற் ரிப்பிள். அதே விலைப் புது அடாப்டர் ஒன்றில் அதே சுமைக்கு 0.08 வந்தது. பிள்ளைகள் மீற்றரையும் ஸ்கோப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு கொன்ட்ரோலரைப் பூட்டி றிலே இழுக்கும் கணத்தைப் பிடித்தோம். 5 வோல்ற் கோடு 3.7 வரை விழுந்து எழும்புகிறது. ஈஎஸ்பி போர்டிலுள்ள 3.3 வோல்ற் ரெகுலேற்றருக்குத் தன் வெளியீட்டுக்கு மேல் ஏறக்குறைய 1.1 வோல்ற் வேண்டும். ஆகவே சிப்புக்குக் கிடைப்பது 2.6 அளவு. அது தன்னை நிறுத்தும் எல்லை 2.4 பக்கம். எங்கள் அறையில் பத்துக்கு ஒரு தடவைதான் ரீசெட் ஆனது. விளிம்பில் நிற்கிறது, உங்கள் விடியற்காலைக் குளிர் விளிம்பைத் தாண்ட வைக்கிறது என்று நினைக்கிறேன்.

உடைத்துத் திறந்தோம். வெளிப்பக்கம் 470 மைக்ரோ 10 வோல்ற் 105 பாகை இரண்டு, பக்கத்தில் பக்கம். தலை வீங்கவே இல்லை, கண்ணால் பார்த்து நல்லது என்றுதான் யாரும் சொல்வார்கள். கழற்றி அளந்தால் ஒன்றின் கொள்ளளவு 410, மற்றது 290. உள்தடை ஒன்றில் 0.9 ஓம், மற்றதில் 2.6 ஓம். இதே அளவுப் புதுக் கப்பாசிற்றர் எங்கள் மீற்றரில் 0.1க்கும் கீழே. இதைக் கவனியுங்கள்: 410 காட்டியதை வெறும் கொள்ளளவு மீற்றரால் மட்டும் அளந்திருந்தால் நல்லது என்று திரும்பவும் பூட்டியிருப்போம். 400 வோல்ற் கப்பாசிற்றர் நன்றாக இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பக்கத்து 10 மைக்ரோ 6க்கு இறங்கிவிட்டது.

மூன்றையும் மாற்றினோம். வெளிப்பக்கத்துக்கு 470 மைக்ரோ 16 வோல்ற், 105 பாகை, உள்தடை குறைந்த வகை. இப்போது ரிப்பிள் 0.07. றிலே இழுக்கையில் 4.5க்குக் கீழே போகவில்லை.

நிரல்பித்தன்

சேர், சாதாரணத்துக்குப் பதில் பொலிமர் கப்பாசிற்றர் போட்டால் என்றைக்கும் காயாதே? அதில் ஈரமே இல்லையே.

அலைவடிவம்

வெளிப்பக்கத்துக்குப் போடலாம், நானும் இரண்டு மூன்றில் போட்டிருக்கிறேன், நன்றாக ஓடுகின்றன. வோல்ற் அளவை மட்டும் குறைத்து எடுக்காதீர்கள்.

பழையரேடியோ

எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. சில அடாப்டர்களின் கட்டுப்பாடு, அந்தக் கொஞ்ச உள்தடை இருக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. தடை ஒன்றுமே இல்லாமல் போனால் அது தளம்பும். ஒன்றில் பொலிமர் போட்டதும் விசில் சத்தம் வந்தது, சாதாரணத்தைப் போட்டதும் நின்றது. ஸ்கோப் வைத்திருப்பவர் போடலாம், இல்லாதவருக்கு நான் சொல்லமாட்டேன். பழைய கணினி போர்டிலிருந்து கழற்றிப் போடுவதும் வேண்டாம், அதுவும் உங்கள் அடாப்டரின் வயதுதான்.

மிளகாய்க்கன்று

சேர், ஐயா, இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் மனதில் ஒன்று உறுத்துகிறது. 105 பாகை என்று எழுதியிருந்த கப்பாசிற்றர் 20 மாதத்தில் ஏன் போனது? எங்கள் வெயில் 105க்குப் போவதில்லையே.

பழையரேடியோ

105 என்பது தாங்கும் உச்சம். அந்த உச்சத்தில் எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்பது இன்னொரு எண், அதை உடம்பில் எழுதமாட்டார்கள். மலிவில் 1000, நல்லதில் 5000 மணித்தியாலம். சூடு 10 பாகை குறைய ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அடாப்டருக்குள் 75 பாகை இருந்தால் 105இலிருந்து மூன்று படி கீழே, அதாவது எட்டு மடங்கு. 1000 மணித்தியாலக் கப்பாசிற்றர் 8000 வரும். வருடத்துக்கு 8760 மணித்தியாலம் என்று பார்த்தால் 11 மாதம். இரவில் குளிர்வதால் அதைவிடக் கூடவும் ஓடும். ஆகவே 20 மாதம் எனக்கு வியப்பில்லை.

அடாப்டரை எங்கே வைத்திருந்தீர்கள்?

மிளகாய்க்கன்று

மோட்டர்க் கொட்டிலில், தகரக் கூரைக்குக் கீழே. எறும்பும் பல்லியும் போகாமல் இருக்க மூடி போட்ட பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள். இன்று அந்தப் பெட்டிக்குள் ஒரு சென்சரைப் போட்டுப் பார்த்தேன், பகல் 2 மணிக்கு 54 பாகை. இது தை மாதம்.

பழையரேடியோ

வெறும் பெட்டியே 54 என்றால் அடாப்டரின் உள்ளே இன்னும் 20, 25 கூட்டிக்கொள்ளுங்கள். பங்குனி சித்திரையில் என்ன ஆகியிருக்கும்! பெட்டியை எடுத்துவிட்டு, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் வடக்குச் சுவரில் பூட்டுங்கள். எறும்புக்குப் பயந்தால் மெல்லிய கொசுவலை சுற்றுங்கள், காற்று போகட்டும். கொன்டாக்டர் கொயிலுக்கு ஸ்நபரும் போடுங்கள், மூன்றுபேஸ் சொன்னது இந்தப் பிழைக்குக் காரணம் இல்லை என்றாலும் றிலேயின் முனைகளுக்கு நல்லது.

அலைவடிவம்

இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று. நாங்கள் திறந்ததைப் பார்த்து எல்லோரும் திறக்க வேண்டாம். 400 வோல்ற் கப்பாசிற்றரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ற்றுக்கு மேல் நிற்கும், தடை ஒன்றால் இறக்கி, மீற்றரால் அளந்த பிறகே தொட வேண்டும். உடைத்த ஓட்டைப் பசையால் ஒட்டினால் அது முன்புபோல் காப்பு அல்ல. மிளகாய்க்கன்றுவின் அடாப்டரை வேறு தடித்த பிளாஸ்டிக் பெட்டியில் ஸ்க்ரூ போட்டு, பக்கத்தில் காற்றுத் துளை விட்டு அனுப்புகிறேன். தெரியாதவர்கள் புதிதாக வாங்குவதுதான் சரி. வாங்கும்போது தேவையைவிட இரண்டு மடங்கு அம்பியர் பார்த்து வாங்குங்கள், உள்ளே சூடு குறையும்.

குஞ்சுக்கூடு

தம்பிமாரே, அடாப்டரை இறக்கி வைத்து ஐந்து நாள். முன்பு நாளுக்கு ஒன்றிரண்டு தடவை வந்த 85, இந்த ஐந்து நாளில் மொத்தம் ஒரு தடவைதான் வந்தது. ஆனால் மகனிடம் கேட்டால், எலி கடிக்குமுன்பே ஒரு தடவை பார்த்த ஞாபகம் என்கிறான், உறுதியாகச் சொல்லவில்லை. இப்போது பெட்டியில் 58 முட்டை இருக்கிறது, ஒன்பதாம் நாள். இந்த நேரத்தில் அடாப்டரை மாற்றலாமா?

பழையரேடியோ

மாற்றலாம் அக்கா, ஒரு நிமிட வேலை, முட்டை அவ்வளவுக்குள் குளிராது. ஆனால் புது அடாப்டரை முதலில் தனியாகப் பிளக்கில் போட்டு ஒரு நாள் சூடு பாருங்கள், வோல்ற் அளந்து பாருங்கள், பிறகு மாற்றுங்கள். சென்சர் வயரின் ஒட்டு இடத்தை இப்போது தொடாதீர்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். புது அடாப்டரிலும் 85 வந்தால் எழுதுங்கள், ஒட்டுசுட்டான் பக்கம் வரும்போது வயரை நான் வந்து பார்க்கிறேன்.

மூன்றுபேஸ்

ரவுட்டருக்கு வேறு அடாப்டர் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு பின்னேரம் விழவில்லை, மூன்றாம் நாள் 7.20க்கு விழுந்தது. லைன் அப்போது 179. ஐயா, இனி என்ன பார்ப்பது?